வெடிப்பின் குறுக்கே ஒட்டிய தாள்

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்து மழை. என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது: "பிரசுரத்தின் மூன்றாம் வரி அக்காவிடம் எடுபடவில்லை. மாற்ற வேண்டும்."

அது மண்சரிவு எச்சரிக்கைப் பிரசுரம். எங்கள் பகுதி அனர்த்தக் குழுவுக்காகத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. அக்கா குடியிருக்கும் லயத்து வரிசை வீடு ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், சரிவுக்கு நேர் கீழே இருக்கிறது. மழைக் காலத்தில் இறங்கி வா என்று எத்தனை தடவை சொல்லியும் வராதவள். அவளை நகர்த்தாத பிரசுரம் வேறு யாரை நகர்த்தும்? எழுதியதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன்.

"கட்டடத்தில் அசாதாரண மாற்றங்களை அவதானித்தால் உடனடியாக வெளியேறவும்" என்று வாசித்தேன்.

"அசாதாரணம்னா? பேய் கீய் வருமா?"

உதாரணம் இல்லாததுதான் குறை என்று நினைத்தேன். அங்கேயே அதை அடித்துவிட்டு, "சுவரில் வெடிப்பு இருந்தால்" என்று எழுதினேன்.

அக்கா சிரித்துவிட்டு, அடுப்புக்கு மேலே இருந்த வெடிப்பைக் காட்டினாள். "இது என்னயவிட மூத்தது தம்பி. நீ சொல்றதப் பாத்தா நான் பொறந்த அன்னைக்கே ஓடியிருக்கணும்."

"சரி, இதுவரைக்கும் நல்லா மூடிக்கிட்டிருந்த கதவு திடீர்னு இறுகிச்சுன்னா?"

"மழையில எல்லாக் கதவுந்தான் ஊதும். அதுக்கெல்லாம் ஓடுனா யாரு சோறாக்குறது?"

அவள் பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை. என் உதாரணங்கள் எளிதாகப் புரிந்தன; ஆனால் அந்த வரி சொல்ல வந்ததை அவை சொல்லவில்லை. அந்த வரியின் உயிர் 'மாற்றம்' என்ற சொல்லில் இருந்தது. காலங்காலமாக இருக்கும் வெடிப்பு அதைக் காட்டாது. விரிகிற வெடிப்புத்தான் காட்டும்.

பழைய நாட்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கோதுமை மாப் பசை தடவி, வெடிப்பின் குறுக்கே இறுக்கமாக ஒட்டினேன்.

"இது கிழிஞ்சா செவுரு நகருதுன்னு எடுத்துக்க. யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காம, தங்குறதுக்கு ஒதுக்கியிருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போயிரு."

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. அசாதாரணம் அது இதுன்னு அதுக்கு எதுக்குடா கோட்டும் சூட்டும்?"

அக்காவிடம் தாளைப் பற்றிச் சொன்னதே மூன்றாம் வரியாக அச்சேறியது. கூடவே இன்னொன்றும் சேர்த்தேன்: தாள் கிழியவில்லை என்பதற்காக ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம், வெளியேறும்படி அறிவித்தால் வெளியேறுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடாத மழை. விடிந்ததும் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"கிழிஞ்சிருச்சுடா. ஒன் மச்சானையும் இழுத்துக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டேன். தேத்தண்ணி குடிச்சிட்டு வாறேன்னு நின்னாரு. விடுவேனா?"

மழை ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். சரிவு அப்படியே நிற்கிறது. கிழிந்த தாள் சுவரில் இரண்டு துண்டாக ஒட்டியிருக்கிறது, விளிம்புகளில் ஈரம். அக்கா இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாள். தாளைக் கிழித்தது சுவரின் நகர்வா, ஈரமா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.