ரத்தினம்மாவின் உதிரி முட்டை

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுக வாசலில் ரத்தினம்மா செய்த முட்டைப் பொடிமாஸ் வாசனைக்கு, கிளம்பிய கப்பலே திரும்பி வந்தது. சந்தேகமிருந்தால் கப்பலைக் கேளுங்கள்.

ஆனால் 1950களில் கடை திறந்த புதிதில், கூட்டமெல்லாம் எதிர்க்கடைக்குத்தான். இன்றும் ஆள் வராவிட்டால் நாளை அடுப்பு மூட்டுவதில்லை என்று அவள் முடிவு கட்டிய அன்றுதான், ரப்பர் மூட்டை தூக்கும் தனசேகரன் கூட்டாளிகளோடு வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, வேலைச் சங்கு ஊதப்போவுது. முட்டைய ஊத்துங்க லா!"

"வெங்காயத்துல தண்ணி இருக்குப்பா. இப்ப ஊத்தினா கஞ்சிதான் குடிப்பே."

உப்புப் போட்ட வெங்காயமும் பச்சை மிளகாயும் ஈரம் வற்றிப் பொன்னிறமாகும்வரை அவள் அசையவில்லை. பிறகு மஞ்சளும் மிளகுத்தூளும் தூவி, நுரைக்க அடித்த முட்டையை ஊற்றினாள். அடி லேசாகப் பிடித்ததும் சுரண்டிப் புரட்டி உதிர்த்தாள். மினுமினுப்பு மிச்சமிருக்கும்போதே சட்டியை இறக்கிவிட்டாள்.

"பச்சையா இருக்கே!" என்றான் தனசேகரன்.

"மிச்சத்தைச் சட்டிச் சூடு பாத்துக்கும். இன்னும் வச்சா ரப்பர்தான். நீ தூக்குற ரப்பர் போதாதா?"

இலையில் முட்டை பூவாக உதிர்ந்தது. சங்கு ஊதியது. ஒருவரும் எழவில்லை.

"இன்னொரு கரண்டி போடுங்கக்கா. மேஸ்திரி திட்டினா திட்டட்டும்."

திட்ட வந்த மேஸ்திரியும் ஒரு வாய் தின்றுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ரத்தினம்மா இரண்டு அடுப்பு மூட்டினாள்.