மாலை அறையும் யாருக்கம்மாவும்

அவருக்கு எங்கள் பள்ளியில் வைத்த பெயர் யாருக்கம்மா. கல்வி அலுவலகத்தின் மதிப்பீட்டாளர். பத்தொன்பது வருஷமாகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி, எந்தத் திட்டத்தால் பலன் என்று பார்ப்பதே அவர் பிழைப்பு. ஒரு திட்டம் நன்றாக நடக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது, யாருக்கு, எந்த நிலைமையில், எதனால் என்று பிடித்துக்கொள்வார். டீ நன்றாக இருக்கிறது என்றுகூட அவர் முன்னால் வாய் திறக்க முடியாது.

நான் தலைமையாசிரியை. பள்ளி விட்டதும் பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்ய மாலை அறையைத் தொடங்கியது நான்தான். இந்த வருஷம் அங்கே வருகிறவர்களின் சராசரி மதிப்பெண் ஏறவே இல்லை. பலன் இல்லையென்றால் மூடிவிடச் சொன்னது அலுவலகம். அதைப் பார்க்கத்தான் இவரை அனுப்பினார்கள். பலன் உண்டு என்று இரண்டு வார்த்தை எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

மூன்று வாரம் என் உயிரை வாங்கினார். மூன்று வருஷத்து வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் கேட்டார். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, தன் ஊகத்தை அவர்களிடமே சொல்லி, சரியா தப்பா என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டாம் வகுப்பில் ஒரு ரெட்டைப் பின்னல்காரி. அந்த அறையால்தான் கணக்கில் தேறினாள். இப்போது வருவதில்லை. வீட்டில் சத்தம், இங்கே அமைதி, அதனால்தானே முன்பு வந்தாய் என்று யாருக்கம்மா கேட்டார்.

"இல்ல டீச்சர். வீட்ல யாருமே இருக்க மாட்டாங்க, அமைதிதான். இங்க தெரியலைன்னு கேட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க. இப்போ சிரிக்கிறாங்க. மக்கு ரூம்னு பேரு வேற வெச்சுட்டாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போன வருஷம் வரை தானாக வந்தவர்கள் இருபது பேர். கூட்டம் கூடினால் அலுவலகம் மெச்சும் என்று, இந்த வருஷம் சுற்றறிக்கை ஒட்டி, மதிப்பெண் குறைந்த நாற்பது பேரைக் கட்டாயமாக உள்ளே தள்ளியது நான்.

அறிக்கையில் அதை அப்படியே எழுதிவிட்டார் மகராசி. கேட்கத் தயங்கும் பிள்ளைகள் தானாக வந்தபோது, இங்கே கேட்கலாம் என்ற துணிச்சல் வந்தது, மதிப்பெண் ஏறியது. கட்டாயம் வந்ததும் கேலி வந்தது, துணிச்சல் போனது, மதிப்பெண்ணும் நின்றது. அதிகாரி போனில், பலன் உண்டா இல்லையா என்று ஒரே பதில் கேட்டாராம்.

"அப்படி ஒரே பதில் இதுக்குக் கிடையாது சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் யாருக்கம்மா.

கடைசியில் அறைக்கு இன்னும் ஒரு வருஷம் அவகாசம் கிடைத்தது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் வரலாம் என்பது நிபந்தனை. என் சுற்றறிக்கையை நானே பலகையிலிருந்து கிழித்தேன். மறுநாள் பதினொரு பேர் வந்தார்கள். ரெட்டைப் பின்னல் வரவில்லை.

அவளைக் கையோடு அழைத்து வர எட்டாம் வகுப்பு வரைக்கும் போனேன். கதவில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. தலைமையாசிரியை வந்து கூப்பிட்டால் அதுவும் கட்டாயம்தானே. கூப்பிடாமல் திரும்பி வந்தேன்.