மூர்த்தியின் புவாசா

குளுவாங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற மூர்த்திக்கு உலகத்தில் ஒரே எதிரி தூக்கம். ஸ்டியரிங் முன்னால் கண் சொக்கியவர்களின் கதி என்ன என்று பார்த்தவர். கசப்புக் கோப்பியும் கன்னத்தில் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் அறையுமாக இத்தனை வருஷம் விழித்தே பிழைத்தவர். அப்படிப்பட்ட மனுஷனிடம் போய், பித்தப்பையில் கல் இருக்கிறது, தூங்க வைத்து எடுப்போம் என்றால் எப்படி இருக்கும்? கத்தி வைப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. தூங்கினால் எழுந்திருப்போமா என்பதுதான் பயம்.

அந்தப் பயத்தை வெளியே சொல்லத்தான் மீசை விடவில்லை. ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். டாக்டர் கத்தரின் தமிழ்ப் பெண்தான். பல் ஏதாவது ஆடுகிறதா, முன்பு மயக்க மருந்து வாங்கியது உண்டா, சொந்தத்தில் யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனதா, குறட்டை உண்டா என்று வரிசையாகக் கேட்டார்.

"குறட்டையா? லாரி சத்தமே தோத்துடும் டாக்டர்" என்றாள் மனைவி தனலெட்சுமி.

"நீங்க என்கிட்ட ஏதாச்சும் கேக்கணுமா அங்கிள்?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

உள்ளங்கை வேர்த்து ஒழுகுகிறது, கேட்க ஒன்றுமில்லையாம்! அதற்குப் பிறகு மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, மலாயில் விளக்கியதெல்லாம் காதுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. ஒரு சொல் மட்டும் உள்ளே போனது: ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியிலிருந்து புவாசா.

புவாசா என்றால் நோன்பு. மலாய்க்காரர்களின் நோன்பில் பச்சைத் தண்ணீரும் கிடையாது என்பது மூர்த்திக்குத் தெரியாததல்ல. ஆனால் தைப்பூசத்துக்கு அவர் இருக்கும் விரதத்தையும் கூட லாரி ஓட்டும் மலாய்க்காரர்கள் புவாசா என்றுதானே சொல்கிறார்கள்?

"நமக்கு நம்ம விரதம்தானேங்க, பாலு ஆகும்" என்று தனலெட்சுமி தீர்ப்பு சொல்லிவிட்டாள். ஆபரேஷனன்று விடிந்ததும் ஒரு டம்ளர் பசும்பாலைக் காய்ச்சி, சாமி படத்துக்குக் காட்டிக் கொடுத்தாள். அவரும் கும்பிட்டுவிட்டுக் குடித்தார். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி "புவாசா?" என்றபோது, "புவாசா" என்று மனதாரச் சொன்னார். பொய்யில்லை பாருங்கள்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே கட்டிலைத் தள்ளி நிறுத்தினார்கள். குளிர் எலும்பில் ஏறியது. பச்சை உடுப்பில் கத்தரின் வந்ததும், மூர்த்தியின் மீசை தோற்றுப்போனது.

"டாக்டர், பயமா இருக்கு லா. நான் தூங்கிட்டா என் மூச்ச யாரு பாத்துக்குவா?"

"நான்தான் அங்கிள். தொண்டையில குழாய் வச்சு மெஷின் மூச்சு விடும். முடியிற வரைக்கும் எங்க டீம்ல ஒருத்தர் உங்க தலைமாட்ட விட்டு நகர மாட்டாங்க."

"நடுவுல முழிச்சுட்டா?"

"ரொம்ப ரொம்ப அபூர்வம். அதுக்குத்தான் மருந்த நிறுத்தாம குடுத்து, ஹார்ட், பிரஷர், மூச்சு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்போம். முழிச்சப்புறம் தொண்ட கரகரன்னு இருக்கும், வாந்தி வர்ற மாதிரி இருக்கலாம். வலிச்சா உடனே சொல்லுங்க, மருந்து இருக்கு."

ஒன்று கேட்டதும் அடுத்தது தானாக வந்தது. "ஏன் டாக்டர், வயித்த எதுக்குக் காயப் போடச் சொல்றீங்க?"

"மயக்கத்துல இருமக்கூட முடியாது. வயித்துல இருக்கிறது மேல வந்தா நேரா நுரையீரலுக்குள்ள போயிடும். உயிருக்கே ஆபத்து. அதான் சாப்பாடு, பாலு எதுவும் கூடாது."

மூர்த்திக்குக் காலையில் குடித்த பால் நினைவுக்கு வந்தது. சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். இந்த நடுக்கத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை அனுபவிக்க வேண்டும். ஒரு டம்ளர் பால்தானே, என்ன செய்துவிடும் என்று மனசு பேரம் பேசியது. கட்டிலின் பூட்டை யாரோ விடுவித்தார்கள். சக்கரம் உருண்டது.

"பாலு குடிச்சேன் டாக்டர்! காலைல! புவாசான்னா பாலு ஆகும்னு..."

கத்தரின் கையை உயர்த்தினார். கட்டில் நின்றது. "அலமாக்!" என்று பதறியவர் மூர்த்தியின் தோளைப் பிடித்தார். "நல்ல வேள சொன்னீங்க அங்கிள். பாலு இறங்க ஆறு மணி நேரமாவது ஆகணும். இன்னிக்குக் கடைசி ஆபரேஷனா உங்கள வச்சுக்கிறேன்."

வெளியே காத்திருந்த தனலெட்சுமிக்கு விஷயம் தெரிந்தபோது அவள் அழவில்லை. "நானே என் கையால..." என்று பாதியில் நிறுத்தி, வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானே குடிச்சேன்" என்றார் மூர்த்தி.

சாயங்காலம் வார்டில் மூர்த்தி கண் திறந்தார். தொண்டை, சொன்ன மாதிரியே, கரகரத்தது. உயிரோடுதான் இருக்கிறோம் என்று தெரிந்ததும் கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"தண்ணி" என்றார்.

தனலெட்சுமி தண்ணீர் கிளாஸை எடுத்தாள். நீட்டப் போன கை நின்றது. வார்டிலிருந்த தமிழ் மிஸ்ஸியிடம் ஓடினாள்.

"குடுக்கலாமா மிஸ்ஸி?"

"குடுக்கலாம்."

இரண்டடி வந்தவள் திரும்பிப் போனாள். "இப்பவேவா? எவ்வளவு குடுக்கலாம்?"

"கொஞ்சம் கொஞ்சமா குடுங்க ஆன்ட்டி."

கட்டிலுக்கு வந்தும் அவளுக்கு மனசு வரவில்லை. கிளாஸை அவர் உதட்டருகே பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்:

"மிஸ்ஸி, நீங்களே வந்து ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்களேன்!"