உயிர் போகுதுங்க, டாக்டர்

"வயித்துவலி உயிர் போகுதுங்க!" என்று கட்டிலில் கிடப்பவர் அலற, மொழிபெயர்ப்பாளரான மொழி அக்கா டாக்டர் பக்கம் திரும்பி, அவர் மொழியில், "எனக்குப் பொறுக்க முடியாத வயிற்றுவலி" என்கிறாள். நோயாளி பேசுவதை 'நான்' என்றே சொல்வது தொழில்முறை. அந்தக் கணக்கில் அக்காவுக்கு நாளொன்றுக்கு ஆறு வயிற்றுவலி, நான்கு மூட்டுவலி, சில நாட்களில் ஒரு பிரசவமும் உண்டு.

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்குத் தமிழ் தெரியாது. வருகிற தமிழ்க்காரர்களுக்கு டாக்டர் மொழி தெரியாது. நடுவில் இவள். பசியில் செத்தவர்கள் இவள் வாயில் "மிகவும் பசிக்கிறது" என்று பிழைத்துக்கொள்வார்கள். "தலை வெடிக்குது" என்றால் கடும் தலைவலி. வெறும் தலைவலி என்று இறக்கிச் சொல்லவும் மாட்டாள். பாவம், மருந்து குறைந்துபோகுமே!

இதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மாள், "இந்த மனுஷன் என் உயிரை எடுக்கிறாரு" என்றதை அக்கா அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டாள். இரண்டு காவலர்கள் வந்து, மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த கணவரை வெளியே அழைத்துப் போனார்கள். காலையிலிருந்து ஜன்னலை மூடு, திற என்று நச்சரித்ததுதான் அவர் செய்த குற்றம். அதை விளக்கி அவரை மீட்க இரண்டு மணி நேரமாயிற்று.

போன செவ்வாய்க்கிழமை மூட்டுவலிக்கு ஒரு பெண் வந்தாள். கூடவே நாத்தனார். வலி எப்படியென்று டாக்டர் கேட்டதற்கு, "போய்ச் சேந்துடலாம்னு இருக்கு" என்றாள்.

"அண்ணி எப்பவும் இப்படித்தான்!" என்று நாத்தனார் சிரித்தாள். "நாங்கல்லாம் தினம் பத்துத் தடவை சாகுறவங்க!"

'அலுத்துவிட்டது' என்ற சொல் அக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மிகைப்படுத்துகிறவர்கள் நெற்றியில் அடித்துக்கொள்வார்கள், கேட்பவர் முகத்தைப் பார்ப்பார்கள். இந்தப் பெண்ணோ வீட்டு விலாசம் சொல்வதுபோலத் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொல்லிவிட்டு அக்கா கையை உயர்த்தினாள். "இனி மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். எங்கள் மொழியில் இதைச் சலிப்பிலும் சொல்வார்கள், நிஜமாகவும் சொல்வார்கள். எது என்று முடிவு செய்ய எனக்கு உரிமையில்லை. நேராகக் கேளுங்கள்."

டாக்டர் நாத்தனாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார். அக்கா அதை மழுப்பாமல் தமிழில் கேட்டாள்: "உயிரை விட்டுடணும்னு நிஜமாவே தோணுதா?"

அவள் தரையிலிருந்து கண்ணை எடுத்து அக்காவைப் பார்த்தாள். பிறகு, "ஆமா. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"ஆமாம். இதுவரை என்னை யாரும் கேட்கவில்லை" என்று அக்கா டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணின் எதிரே உட்கார்ந்தார். மனநல டாக்டர் வந்து சேரும்வரை அவளை யாரும் தனியே விடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்கா சமையலறைக்குள் நுழைந்ததுமே கூடத்திலிருந்து கணவர் கத்தினார்: "சீக்கிரம் வாம்மா, பசி உயிர் போகுது!"

தட்டை எடுக்கப் போன கை நின்றது. கூடத்துக்கு வந்து, அவர் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகுதான் பரிமாறப் போனாள்.