அக்காவின் வலது முழங்கை

என் அக்கா நானூறு பேருக்குச் சமைப்பவள். ஒரு மாணவியர் விடுதியின் சமையலறையில் பத்தொன்பது வருடமாக அவள் வைத்ததுதான் சட்டம். உப்புப் போடுவதற்கு வேறு யாரையும் விடமாட்டாள். ஆளுயரத் துடுப்பை யாராவது தொட்டுவிட்டால், "கிண்டத் தெரியாதவங்க ஒதுங்கி நில்லுங்க" என்பாள். அவள் சொல்லி ஒதுங்காதவர்களை நான் பார்த்ததில்லை. அந்த விடுதி மேலாளரே ஒதுங்கி நிற்பார்.

எங்கள் வீட்டின் கீழ் அறையில் அவள் இருக்கிறாள். மாடியில் நானும் என் மனைவியும். எனக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு, வலது கையால் மவுஸை உருட்டுவது. "உனக்கென்னடா, விரலை ஆட்டினா சம்பளம்" என்று அக்கா கேலி செய்வாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அவள் கையைப் பார்த்துவிட்டு என் கையைப் பற்றிப் பெருமை பேச முடியாது.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பயம் உண்டு. அப்பாவுக்கு ஒரு நாள் காலையில் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. நாங்கள் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். ஐந்தாம் நாள் குளியலறையில் விழுந்தார். அதன்பிறகு நான்கு வருடம் படுக்கை. வாய் கோணி, பேச்சு குழறி, வலது பக்கம் மரக்கட்டையாகக் கிடந்தவருக்கு அக்காதான் ஸ்பூனால் ஊட்டினாள். அவர் போய் ஏழு வருடம் ஆகிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால், போட்டது யார், எந்தக் கை என்றுதான் முதலில் பார்ப்போம்.

இப்போது என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடத்தின் கடைசியில், அலுவலகத்தில் காபிக் கோப்பையைத் தூக்கினேன். முழங்கையின் வெளிப்பக்கம் ஊசி ஏறியதுபோல ஒரு வலி. கோப்பை கையைவிட்டுப் போய்விட்டது. அன்றைக்குக் கதவின் குமிழைத் திருப்ப முடியவில்லை, துணியைப் பிழிய முடியவில்லை, ஒருவர் கை கொடுத்தபோது உயிர் போயிற்று. வலது கைதான். இரவெல்லாம் படுத்தபடி விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தவர் யாரும் வராத ஒரு மருத்துவரைத் தேடி ஊரின் மறுகோடிக்குப் போனேன்.

அவர் சாவகாசமான மனிதர். முழங்கையின் வெளிப்புறம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தேடி, அதற்குச் சற்றுக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பிறகு கையை நீட்டச் சொல்லி, முஷ்டியை மடக்கி மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அதைக் கீழே அழுத்தினார். அதே இடம், அதே வலி.

"டென்னிஸ் எல்போ" என்றார்.

"டாக்டர், நான் பந்தையே தொட்டதில்ல."

"இங்க வர்றவங்க பாதிப் பேருக்கு மேல தொட்டதில்ல. சமையல்காரங்க, பெயிண்டர், தையல்காரங்க, உங்களை மாதிரி மவுஸ் பிடிக்கிறவங்க. மணிக்கட்டைத் தூக்கி நிறுத்துற தசையெல்லாம் இந்த எலும்புலதான் வந்து ஒட்டுது. எதையாவது இறுக்கிப் பிடிச்சாலே அதுக்கு வேலை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப குடுத்தா, ஒட்டுற இடத்துல தசைநாண் கெட்டுப்போகுது."

நான் தயங்கித் தயங்கிப் பக்கவாதத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என்னைச் சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், பேசவிட்டுக் கேட்டார். "அதுல கை பலமே போயிடும். இப்படி ஒரு விரல் வைக்கிற இடத்துல வந்து வலிக்காது. உங்களுக்குப் பலம் இருக்கு, வலி பிடிக்க விடல, அவ்வளவுதான்" என்றார். ஊசி போட்டால் சட்டென்று சரியாகுமா என்றேன். சில வாரம் சுகமாக இருக்கும், அப்புறம் திரும்பி வருவதுதான் அதிகம் என்றார். மவுஸை உடம்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும், சின்ன எடையை வைத்து மணிக்கட்டை மெல்ல மெல்ல இறக்கும் பயிற்சி செய்யவும் சொன்னார். மாதக் கணக்கில் ஆகும், பயப்படாதீர்கள் என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது. வீட்டில் சொன்னேனா? இல்லை. சொன்னால் ஏன் போனாய் என்று கேட்பார்கள். பயந்து போனேன் என்று சொல்ல வேண்டும். நாற்பது வயது ஆம்பளை, கோப்பை நழுவியதற்கு இரவெல்லாம் விழித்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அலுவலகக் கழிப்பறையில் தண்ணீர் பாட்டிலை வைத்துப் பயிற்சி செய்தேன். மூன்று மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. நான் அதை மறந்தும் விட்டேன்.

அக்கா இடது கையால் தேநீர் குடிக்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். பார்த்து, ஒன்றும் நினைக்கவில்லை. என் மனைவி ஒரு நாள், "உங்க அக்கா காலையில கதவைச் சாத்திக்கிட்டு மாசம் பேரெல்லாம் வரிசையா சொல்றாங்க, கண்ணாடி முன்னாடி நின்னு சிரிக்கிறாங்க" என்றாள். "வயசாகுதில்ல" என்று சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும். நாக்கு குழறுகிறதா, வாய் கோணுகிறதா என்று அவள் தினமும் சோதித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டது இது. முதலில் துடுப்பைப் பிடித்தால் வலித்தது. அப்புறம் கத்தி. அப்புறம் சட்டிமூடியைத் தூக்கினால்கூட. ஒரு நாள் டம்ளர் நழுவியது. அன்றையிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. மருத்துவரிடம் போனால் உறுதி செய்துவிடுவார்கள், உறுதியானால் வேலை போய்விடும், படுத்துவிட்டால் தனக்கு ஸ்பூனால் ஊட்ட யார் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கில் நான் வரவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு வலித்தது. ஆனால் நியாயம்தான்.

அந்தச் சமையலறையில் பெரிய அண்டாவைத் தூக்க ஒரு முறை உண்டு. இருபுறமும் இரண்டு பேர், அண்டாவின் கைப்பிடிக் காதுகளில் துணி சுற்றிக்கொண்டு, உள்ளங்கை கீழே பார்க்கப் பிடிப்பார்கள். "தூக்கு" என்று ஒருவர் சொல்வார். ஆனால் "வை" என்று இருவரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்ன நொடியில் மற்றவர் இருக்கிற இடத்தில் கீழே வைத்துவிட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. அக்கா போட்ட சட்டம்தான் அது. அவளுக்கு எதிர்க்காதைப் பிடிப்பவளுக்கு ரேடியோ என்று பெயர். பாத்திரம் கழுவும்போதும் காய் நறுக்கும்போதும் அவள் வாய் ஓயாது. அக்காவும் அவளும் பதினோரு வருடமாக ஒன்றாக அண்டா தூக்குகிறார்கள்.

அன்று உருளைக்கிழங்கு வெந்திருந்தது. கொதிநீரோடு அண்டாவை வடிக்கும் தொட்டிவரை கொண்டுபோக வேண்டும். பன்னிரண்டு அடி. நான்காவது அடியில் அக்காவின் முழங்கையில் அந்த வலி கிளம்பிவிட்டது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்குவது அவளுக்குத் தெரிந்தது. வை என்று சொன்னால் போதும். ஆனால் பத்தொன்பது வருடத்தில் ஒரு முறைகூட அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொன்னால் ரேடியோ ஏன் என்று கேட்பாள், மதியத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். இன்னும் எட்டு அடி என்று பல்லைக் கடித்தாள். ஏழாவது அடியில் கை விட்டுவிட்டது.

எனக்கு மேலாளர் போன் செய்தார். "உங்க அக்கா கையில இருந்து அண்டா..." என்றார். எனக்கு மீதி காதில் விழவில்லை. அவர் கடைசியாக ஆஸ்பத்திரி பேரைச் சொன்னார், ஓடினேன். வழியெல்லாம் அப்பாவின் கோணிய வாய்தான் கண்ணுக்குள் நின்றது.

அக்கா தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் ஒரு சொட்டுக் கொதிநீர் பட்டிருக்கவில்லை. உள்ளே ரேடியோவின் இரண்டு கால்களுக்கும் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விழுந்த உடனே குழாயைத் திறந்துவிட்டு, வண்டி வரும்வரை கால்களைக் குளிர்ந்த நீரிலேயே பிடித்துக்கொண்டிருந்தது அக்காதான். இடது கையால்.

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுடா" என்றாள். "அஞ்சு மாசமா வந்துக்கிட்டிருக்கு. வாய் மட்டும் இன்னும் கோணல. பாரு." என்னைப் பார்த்துச் சிரித்துக் காட்டினாள். என் வாழ்நாளில் அப்படியொரு பயங்கரத்தைப் பார்த்ததில்லை.

"எந்த இடத்துலக்கா வலிக்குது?"

அவள் தொட்டுக் காட்டினாள். அதே எலும்பு. நான் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினேன். அவள் அலறியதில் செவிலி ஓடி வந்தாள். அந்தச் செவிலியே உள்ளே அழைத்துப்போய் மருத்துவரிடம் காட்டினாள். அவர் முகத்தைப் பார்த்தார், கால் கையின் பலத்தைப் பார்த்தார், மணிக்கட்டைத் தூக்கச் சொல்லி அழுத்தினார். எனக்குத் தெரிந்த அதே பெயரைச் சொன்னார். பக்கவாதம் இல்லை என்றார். கனமானதை உள்ளங்கை மேலே பார்க்க, உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும், அண்டாவையும் பாதி பாதியாகத் தூக்க வேண்டும், இப்போதைக்குத் தூக்கவே கூடாது, பயிற்சி சொல்லித் தருகிறோம், சரியாகிவிடும் என்றார்.

வெளியே வந்ததும் அக்கா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. என்னையே பார்த்தாள்.

"டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே நீ சரியா அந்த இடத்துல அமுக்கினியே. உனக்கு எப்படிடா தெரியும்?"

சொன்னேன். கோப்பையிலிருந்து தண்ணீர் பாட்டில் வரை எல்லாவற்றையும்.

"எப்போ?"

"எட்டு மாசம் ஆச்சு."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுவதில் என் அக்காவை மிஞ்ச ஆளில்லை. "நீயும் வாயை மூடிக்கிட்டே, நானும் மூடிக்கிட்டேன். வெந்தது அவ காலு" என்று மட்டும் சொன்னாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

ரேடியோ தலையணையில் சாய்ந்திருந்தாள். இரண்டு பாதங்களும் வெள்ளைத் துணிக்குள் இருந்தன. அக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, ஐந்து மாதத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். நாலாவது அடியிலேயே தெரிந்துவிட்டது என்பதையும் சொன்னாள்.

"வைன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள் ரேடியோ.

"நீ ஏன்னு கேப்பியே."

"கேட்டிருப்பேன்தான். வெச்சிட்டுக் கேட்டிருப்பேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் என் சட்டைக் கை இன்னும் அக்காவின் பிடியில் இருந்தது. வலது கையால்தான் பிடித்திருந்தாள், அது அவளுக்கு வலித்துக்கொண்டும் இருந்திருக்கும்.

"எனக்கும் இதே வலிதான் இருந்துச்சுக்கா" என்று ரேடியோவிடம் சொன்னேன். "ஒண்ணுமில்லன்னு எனக்கு எட்டு மாசமாத் தெரியும். பயந்துட்டேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு, அதான் வீட்டுல சொல்லல."

ரேடியோ என்னைப் பார்த்தாள். பிறகு தன் கால்களைப் பார்த்தாள்.

"இப்ப சொல்றீங்களே தம்பி" என்றாள்.