விந்தியமலைக்கு அந்தப் பக்கம் அவன்

சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்கு நானும் ஒரு சைதாப்பேட்டைக்காரனும் சேர்ந்து படித்தோம். என் மயிலாப்பூர் அறைச் சுவரில் பெரிய காகிதம் ஒட்டி, அரச வம்சங்களுக்கு அட்டவணை போட்டோம். வம்சம், தலைநகர், ஆட்சிமுறை, கலை என்று கட்டங்கள். விந்தியமலைக்கு வடக்கே அவன் எழுத வேண்டும், தெற்கே நான்.

அதே பரீட்சை எழுதப்போகிறவன் கொடுப்பதை எவன் நம்புவான்? ஹர்ஷனுக்குத் தலைநகர் தானேசுவரம் என்று எழுதியிருந்தான். நான் படித்தது கன்னோசி. வேண்டுமென்றே எனக்குக் குழி பறிக்கிறான் என்று நினைத்து, அவனிடம் சொல்லாமல் வாசகசாலைக்குப் போனேன். முதலில் தானேசுவரம், பிறகு கன்னோசி என்றது புத்தகம். அதற்கும் என் சந்தேகம் அடங்கவில்லை. அவனுடைய மற்ற வரிகளையும் சரிபார்க்க உட்கார்ந்தேன்.

நிமிர்ந்தால், எதிர் மேஜையில் அவன். முன்னால் சோழர் வரலாறு விரிந்து கிடந்தது.

“சும்மா பேப்பர் படிக்க வந்தேன்” என்றேன்.

“நானும்தான் நைனா. பொழுது போவல” என்றான்.

மறுநாள் அட்டவணையில் நான் எழுதிய தஞ்சாவூருக்குப் பக்கத்தில், ‘பிறகு கங்கைகொண்ட சோழபுரம்’ என்று பென்சிலில் இருந்தது. நானும் அவன் கட்டத்தில் கன்னோசியைச் சேர்த்தேன்.

பரீட்சையில் முதல் கேள்வியே சாதவாகனர்களைப் பற்றி. அட்டவணையில் அவர்கள் பெயரே கிடையாது. மௌரியருக்கு அடுத்து வருகிறவர்கள், அவன் எழுதுவான் என்று நான் விட்டிருந்தேன். தக்காணம் என் பங்கு என்று அவன் விட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். எனக்கு முன்பே அவன் திரும்பி, அந்தப் பெயரை நான்தான் ஒளித்துவைத்த மாதிரி முறைத்துக்கொண்டிருந்தான்.