கருப்பட்டிக்குப் பக்கத்தில் எந்தக் காசு

காரோடு ஊர்க் கருப்பட்டிக்காரர் செல்லசாமிக்குக் கை முறம் மாதிரி. தென் திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்ட நாளில் மதுரை வியாபாரி ஒருவர், அளவும் தரமும் தெரியும்படி படம் அனுப்பினால் கருப்பட்டி எடுப்பதாக எழுதினார். நெய்யாற்றின்கரை ஸ்டுடியோவில் செல்லசாமி கருப்பட்டியை உள்ளங்கையில் ஏந்தி நின்றார். கழுவிய படத்தில் அது நெல்லிக்காய்.

"கையை எடும் ஓய். பக்கத்துல காசு வையும்," என்றார் படக்காரர் விஜயதாஸ்.

செல்லசாமி திருவிதாங்கூரின் சின்னக் காசான சக்கரத்தை வைத்தார்.

"மதுரைக்காரன் சக்கரத்தைக் கண்டானா?" என்றாள் மனைவி சரசம்மா. "ரூவான்னு நெனச்சு, கருப்பட்டி முழுத்தேங்காய் அளவு உண்டும்னு இருப்பான்."

"தமிழ்நாட்டோட சேர்ந்தா தெரிஞ்சுக்கிடுவான்."

"அதுவரை கருப்பட்டி உருகாம இருக்குமாக்கும்?"

கடைசியில் பிரிட்டிஷ் ரூபாயை வைத்தார்கள். உள்ளே மண் இல்லை என்று காட்ட ஒரு கருப்பட்டியை உடைத்தும் வைத்தார்கள்.

ஒரு வண்டிச் சரக்குக்கு ஆர்டர் வந்தது. படத்திலுள்ள உடைந்ததை மட்டும் அனுப்ப வேண்டாமாம். அதை விஜயதாஸ் அப்போதே தின்றுவிட்டார்.